"பாய் வந்தாச்சா?": ஒலியன், மாற்றொலி, குறைந்தபட்ச இணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார், எழுத்துக்கும் ஒலியனுக்கும் என்ன வித்தியாசம்? 'ப'ன்னு ஒரு எழுத்து இருந்தா 'ப'ன்னு ஒரு ஒலியன் இருக்குன்னுதானே அர்த்தம்?

சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்று "பாய் வந்தாச்சா?" என்று இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிரத் தொடங்கினால், பிரியாணிக் கடைக்காரர் வந்துவிட்டாரா என்று கேட்கிறீர்கள். தொண்டை அதிராமல் உதடு திறந்தால், ஆர்டர் கொடுத்த கோரைப்பாய் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறீர்கள். தாளில் இரண்டும் ஒன்றுதான். காதில் இரண்டு, பொருளும் இரண்டு.

ஒலியன் என்பது இந்தப் பொருளைப் பிரிக்கும் வேலையைச் செய்கிற ஒலி. ஆங்கிலவழி வகுப்பில் ஃபோனீம் என்று கேட்டிருப்பீர்கள். எழுத்து கண்ணுக்கானது. ஒலியன் பேசுகிறவர் தலைக்குள் இருக்கிற கணக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் ஒத்துப்போகத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரே இடத்தில் ஒரே ஓர் ஒலி மட்டும் மாறி, பொருளும் மாறுகிற இரண்டு சொற்களைக் குறைந்தபட்ச இணை என்கிறோம். பல், கல் ஓர் இணை. பட்டு, பாட்டு இன்னோர் இணை, இதில் மாறுவது உயிரின் நீளம். பல், கால் இணையாகாது, அதில் இரண்டு மாறிவிட்டன. முதல் வாரப் பயிற்சித்தாளில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். ஆனால் இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. எழுத்தைப் பார்த்து இணை தேடுவது. பாய், பாய் என்று எழுதினால் யாரும் அதை இணை என்று சொல்ல மாட்டார்கள். சொல்லிக் காட்டினால் மறுக்க மாட்டார்கள்.

அப்ப மாற்றொலின்னா என்ன? ரெண்டு ஒலி ஒரே ஒலியனா, வேற வேற ஒலியனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிப்படியாச் சொல்லுங்க.

பாயைக் கொஞ்ச நேரம் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவோம். கடன் சொல் எதுவும் கலக்காமல், வீட்டில் புழங்குகிற பழைய தமிழ்ச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'ப' எழுத்து வருகிற 15 சொற்கள்: பல், பழம், பூனை, அப்பா, உப்பு, கப்பல், நட்பு, கற்பு, கம்பி, வேம்பு, அன்பு, நண்பன், மார்பு, இயல்பு, மரபு.

முதல் வேலை, ஒவ்வொன்றையும் இயல்பாகப் பேசுகிற வேகத்தில் சொல்லி, அந்தப் 'ப' அதிர்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்வது. செய்தி வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் முடிவு கெட்டுவிடும். குறித்தபின் இரண்டு கும்பல் கிடைக்கும். பல், பழம், பூனை, அப்பா, உப்பு, கப்பல், நட்பு, கற்பு ஆகிய எட்டிலும் தொண்டை அதிராது. மீதி ஏழிலும் அதிரும். மரபு என்பதில் பலருக்கு உதடு முழுதாக ஒட்டக்கூட ஒட்டாது. அதையும் அதிரும் கும்பலிலேயே விடுங்கள்.

இரண்டாவது வேலை, அந்தப் 'ப'வுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதுவது. இங்கேதான் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். அன்பு, மார்பு, மரபு எல்லாம் 'பு'வில் முடிவதைப் பார்த்ததும், "கடைசியில் வந்தால் அதிரும்" என்று விதி எழுதிவிடுவார்கள். உப்பும் நட்பும் அதே 'பு'வில்தான் முடிகின்றன, அவை அதிரவில்லை. அதனால் அந்த விதி நிற்காது. பின்னால் வருவதைப் பார்த்தாலும் பயனில்லை, இரண்டு கும்பலிலும் உகரம் வருகிறது. முன்னால் வருவதைப் பாருங்கள். அதிராத கும்பலில் முன்னால் ஒன்றுமே இல்லை, அதாவது சொல்லின் தொடக்கம். அல்லது இன்னொரு ப். அல்லது ட், ற் போன்ற வல்லெழுத்து. அதிரும் கும்பலில் முன்னால் ம், ன், ண், ர், ல், அல்லது ஓர் உயிர்.

மூன்றாவது வேலை, விதியை உடைக்கப் பார்ப்பது. அதிராத 'ப'வும் அதிரும் 'ப'வும் ஒரே சூழலில் வருகிற ஒரு சொல்லையாவது இந்தப் பழைய சொற்களுக்குள் தேடுங்கள். கிடைக்காது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று வராது, பகல்ஷிப்ட், நைட்ஷிப்ட் ஆட்கள் மாதிரி. ஒரே வேலை, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் கடையில் நிற்பதில்லை. இதைத் துணைநிலை வழக்கு என்பார்கள். அப்படி வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிற ஒலிகள் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். பாம்பு என்று சொல்லிப் பாருங்கள், ஒரே சொல்லில் இருவரையும் பார்க்கலாம். முதல் 'பா' அதிராதது, கடைசிப் 'பு' அதிர்வது.

விதிக்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. ம், ன், ர், உயிர் இவற்றைச் சொல்லும்போது குரல்நாண்கள் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு குட்டிப் 'ப'வுக்காக நிறுத்தி, மறுபடி தொடங்குவது கூடுதல் வேலை. அதனால் அதிர்வு அப்படியே ஓடுகிறது. 'அப்பா'வில் உதடு நீண்ட நேரம் மூடியிருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று வாய்க்குள் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, நாண்களின் ஊடே காற்றோட்டம் நின்று அதிர்வும் அடங்கிவிடுகிறது.

ஒரு சின்ன ஒதுங்கல். வாழைப்பழம் என்பதில் நடுவில் ப் மிகுவதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த ப் அங்கே சும்மா நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டால் 'ப' இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், விதிப்படி அதிர ஆரம்பித்துவிடும். பழம் என்று தனியாகச் சொல்லும்போது இருந்த அதிராத ஒலியை அந்த ப்தான் காப்பாற்றுகிறது.

பல்லுல வர்ற 'ப'வும் அன்புல வர்ற 'பு'வும் வேறன்னு சொல்றீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. என் காதுல கோளாறா?

கோளாறு இல்லை, தமிழ்க்காது. மாற்றொலிகள் ஒன்றாகக் கேட்பதுதான் இயல்பு. பொருளுக்கு உதவாத வேறுபாட்டைக் குழந்தைப் பருவத்திலேயே காது ஒதுக்கித் தள்ளிவிடுகிறது.

காதை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். ஆடம்ஸ் ஆப்பிள் என்கிற குரல்வளை மேட்டில் இரண்டு விரலை லேசாக வைத்து, 'அப்பா' என்று மெதுவாகச் சொல்லுங்கள். உதடு மூடியிருக்கும் நேரத்தில் விரலடியில் ஒரு கண அமைதி தெரியும். பிறகு 'அம்பு' என்று சொல்லுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை அதிர்வு விடாது. சொல் முதலில் வரும் ஒலிக்கு விரல் அவ்வளவு துல்லியமாக இருக்காது. அதற்கு `Praat` என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்க்கலாம். அதிர்வு இருக்கும் இடத்தில் சிறு அலைகள் சீராக அடுக்கி வரும். அதிராத 'ப'வுக்கு முன் கோடு தட்டையாகக் கிடக்கும்.

பழைய சொல்லுக்குச் சரி. அப்ப பாய் எப்படி விதியை உடைச்சது? இப்பத் தமிழ்ல ரெண்டு 'ப' ஒலியன் இருக்கா, ஒண்ணு இருக்கா?

விதியை உடைத்தது பாய் மட்டுமில்லை. 'ஐயோ பாவம்' என்பதில் முதல் ஒலி அதிராது. பரதநாட்டிய ஆசிரியை "முகத்துல பாவம் வரணும்" என்று சொல்லும்போது அதிரும். சமஸ்கிருதம், உருது, மலாய், ஆங்கிலம் என்று வெளியிலிருந்து வந்த சொற்கள், சொல்லின் முதலிலேயே அதிரும் ஒலியைக் கொண்டுவந்து வைத்தன. பஸ், பேங்க், பேக் எல்லாம் அந்த வரிசைதான். முன்பு தொடக்கத்தில் அதிராதது மட்டுமே வர முடியும் என்பதால், அதிர்கிறதா இல்லையா என்பது செய்தி எதையும் சொல்லவில்லை. இப்போது அதே இடத்தில் இரண்டும் வருகின்றன, பொருளைப் பிரிக்கின்றன. அந்த இடத்தில் அவை இரண்டு ஒலியன்கள்.

இதை ஏற்காத மொழியியலாளர்களும் உண்டு. கடன் சொற்களைத் தனி அடுக்காக வைத்து, தமிழின் உள்ளடுக்கில் ஒரே ஒலியன்தான் என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. சொல் நடுவில் இன்றும் பழைய விதிதான் பெருமளவு ஓடுகிறது. ஆனால் சிங்கப்பூரில் பிறந்து, காலையில் பஸ் பிடித்துப் பேங்க்குக்குப் போகிறவருக்கு அந்தச் சொற்கள் விருந்தாளிகள் இல்லை, வீட்டுச் சொற்கள். அவர் பேச்சை விவரிக்கும்போது நான் இரண்டு என்றே எண்ணுவேன்.

யாருடைய பேச்சு என்று கேட்பதுதான் முக்கியம். என் பாட்டி பஸ்ஸை அதிராத 'ப' போட்டுப் 'பஸ்ஸு' என்பார். பாய் கடைக்காரரும் கோரைப்பாயும் அவர் வாயில் ஒன்றுபோலவே வருவார்கள். சூழலை வைத்துத்தான் நாங்கள் புரிந்துகொள்வோம். பாட்டிக்கு ஓர் ஒலியன், பேரனுக்கு இரண்டு. ஒரே வீடு, ஒரே மேசை.

எழுத்து இதைக் காட்டாது. கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் பிடோக், பாசிர் ரிஸ் இரண்டும் தமிழில் 'ப' வரிசையில்தான் தொடங்குகின்றன. முதல் பெயரில் அதிரும், இரண்டாவதில் அதிராது. இங்கே வளர்ந்தவர் யோசிக்காமல் சரியாக வாசிப்பார், ஏனென்றால் அவர் வாசிப்பது நினைவிலிருந்து. திருச்சியிலிருந்து நேற்று வந்து இறங்கியவருக்குப் பலகையில் எந்தத் துப்பும் இல்லை.

என் மகள் வகுப்புல 'பின்'னு ஊசியைச் சொன்னா, வெள்ளைக்கார டீச்சருக்குக் குப்பைத்தொட்டி 'பின்'னு கேக்குதாம். அவ தொண்டை அதிராமத்தானே சொல்றா?

அவள் தமிழ்க் கணக்குப்படி சரியாகச் சொல்கிறாள். டீச்சர் காது வேறு கணக்குப் போடுகிறது.

ஒரு டிஷ்யூ தாளை எடுங்கள். உணவங்காடியில் மேசை பிடிக்க வைப்போமே, அதே டிஷ்யூ. வாய்க்கு முன்னால் விரல் இடைவெளியில் தொங்கவிட்டு, தமிழில் 'பின்னால்' என்று சொல்லுங்கள். தாள் அவ்வளவாக அசையாது. இப்போது பிரிட்டிஷ் செய்தியாளரைப்போல் ஊசிக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஒழுங்காகச் சொன்னால் தாள் துள்ளும். உதடு திறந்ததும் ஒரு மூச்சுக்காற்று வெடித்து வெளியே போகிறது, அதற்குப் பிறகுதான் தொண்டை அதிரத் தொடங்குகிறது.

உதடு திறப்பதற்கும் அதிர்வு தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரத்தை லிஸ்கர், ஆப்ரம்சன் என்ற இருவர் 1964-இல் தமிழ் உட்பட 11 மொழிகளில் அளந்தார்கள். ஆங்கில ஊசியின் முதல் ஒலியில் அந்த இடைவெளி சுமார் 60 மில்லிவினாடி. தமிழின் அதிராத 'ப'வில் சுமார் 10. ஆங்கிலக் குப்பைத்தொட்டியின் முதல் ஒலியிலும் அதிர்வு பெரும்பாலும் உதடு திறக்கும் நேரத்தை ஒட்டியே தொடங்குகிறது. ஆகவே டீச்சர் சொல்லின் தொடக்கத்தில் தேடுவது மூச்சுக்காற்றைத்தான். உங்கள் மகளின் ஒலியில் மூச்சுக்காற்று இல்லை, அதனால் அது குப்பைத்தொட்டிப் பக்கம் விழுந்துவிடுகிறது.

சுவையான பகுதி இனிமேல்தான். அதே ஆங்கிலேயர், நூல் நூற்பதற்கான 'ஸ்பின்' என்ற சொல்லைச் சொல்லும்போது 'ஸ்'ஸுக்குப் பின்னால் மூச்சுக்காற்று வராது. அங்கே அவர் சொல்வது ஏறத்தாழ நம் 'ப'தான். அவருக்கு அது தெரியாது. மூச்சோடு வருவது, மூச்சில்லாமல் வருவது இரண்டும் ஆங்கிலத்தில் மாற்றொலிகள், நமக்குப் பல்லும் அன்பும் ஒன்றாகக் கேட்பதுபோல.

இந்த மூச்சுக்காற்றே சீனத்தில் முழுநேர வேலை பார்க்கிறது. மாண்டரினில் அப்பாவுக்கான 'பா'வும் பயப்படுவதற்கான 'பா'வும் ஒரே இறங்கு தொனி. இரண்டிலும் முதல் ஒலி அதிராது. முதலாவதில் டிஷ்யூ அசையாது, இரண்டாவதில் துள்ளும். பின்யின் எழுத்தில் இவற்றை `bà`, `pà` என்று எழுதுவதால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் முதலாவதை அதிரவைத்துச் சொல்லிவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒலி கைவசம் இருக்கிறது, பல் என்பதன் தொடக்கமேதான். அவர்களுக்குக் கடினம் இரண்டாவது.

மலாய் நமக்குப் பக்கம். காலையைக் குறிக்கும் `pagi`, கொடு என்ற பொருளில் வரும் `bagi` இரண்டுக்கும் வேறுபாடு அதிர்வில்தான், மூச்சில் இல்லை. பாயையும் பாயையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இது தானாக வரும். ஆக, ஒரே புளோக்கில் ஒரே மின்தூக்கியில் நிற்கும் மூன்று வீட்டுக்காரர்கள் உதட்டால் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கணக்கு மாறுகிறது.

இப்பப் பிள்ளைங்க யாருமே ழகரம் சொல்றதில்ல. பழம் 'பளம்' ஆயிடுச்சு. அப்ப ழ ஒலியன் செத்துப்போச்சா?

யார் பேச்சில் என்று முதலில் சொல்லுங்கள். தமிழில் வலி, வளி, வழி என்று மூன்று லகரங்களையும் பிரிக்கிற சொற்கள் இருக்கின்றன. யார் பேச்சில் இந்தப் பிரிவு நிற்கிறதோ அவருக்கு மூன்று ஒலியன்கள். ழவும் ளவும் ஒன்றாகிவிட்டவருக்கு இரண்டு. மொழிக்கு மொத்தமாக மரணச் சான்றிதழ் எழுத முடியாது.

ஒன்றாகிவிட்டதா என்பதைப் பேரப்பிள்ளையைத் திட்டிக் கண்டுபிடிக்க முடியாது, சோதிக்கலாம். நான் வைத்த சோதனை இது. தேக்கா ஈரச்சந்தையில் வாழையும் கிடைக்கும், வாளை மீனும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் மாறுவது ஓர் ஒலி மட்டும். 20 அட்டைகள் வெட்டி, பத்தில் வாழைப்படமும் பத்தில் மீன்படமும் வரைந்தேன். எழுத்து வைக்கவில்லை. எழுத்தைப் பார்த்தால் பிள்ளைகள் தேர்வு நினைப்பு வந்து நாக்கை மடக்குவார்கள். அட்டைகளைக் கலைத்து என் அக்கா மகளிடம் கொடுத்து, "இது வாங்கணும்னு சொல்லு" என்றேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து "வாழை வாங்கணும்", "வாளை வாங்கணும்" என்று சொல்ல, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நான் எது என்று எழுதினேன்.

முழுக்க ஊகித்து எழுதினாலும் சராசரியாகப் பத்து சரியாக வரும். 9, 11 என்று வந்தால் வேறுபாடு என் காதுக்கு எட்டவில்லை என்று பொருள். 18, 19 என்றால் வேறுபாடு உறுதி. எனக்கு 11 வந்தது. பிறகு இடம் மாறினோம். நான் சொன்னேன், அவள் எழுதினாள். அவளுக்கு 19. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவள் நாக்கில் இரண்டும் ஒன்று, காதில் இரண்டும் வேறு. தாத்தா பாட்டியும் வானொலியும் ழகரத்தோடு பேசக் கேட்டு வளர்ந்தவள். கேட்கத் தெரிந்த ஒலியனை அவள் சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லவும் கேட்கவும் தெரியாத இன்னொரு பிள்ளையோடு அவளை ஒரே பட்டியலில் போட்டால் தவறு.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அட்டை பிடித்துப் பேசும் பேச்சு, சாப்பாட்டு மேசைப் பேச்சு இல்லை. சோதனை என்று தெரிந்ததும் கவனம் கூடும். என் அக்கா மகள் நடுவில் ஓரிரு முறை வேண்டுமென்றே நாக்கை மடக்கினாள். எனக்குக் கூடக் கிடைத்த அந்த ஒன்று அதனால் வந்ததாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். 11-ஐ வைத்துக்கொண்டு எதையும் சாதிக்க முடியாது.

அரம், அறம். இது குறைந்தபட்ச இணைதானே? புத்தகத்துல எல்லாம் போட்டிருக்காங்களே.

தாளில் இணை. உங்கள் வாயில் இணையா என்று மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் நான் கேட்டவரை பெரும்பாலோர் இரண்டையும் ஒரே ரகரத்தில்தான் சொல்கிறார்கள். ர, ற வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிற வட்டாரங்கள் உண்டு, அங்கே அது உயிருள்ள இணை. பாய்க்கு நேர் எதிர் இது. அங்கே எழுத்து ஒன்று, ஒலியன் இரண்டு. இங்கே எழுத்து இரண்டு, ஒலியன் ஒன்று. ந, ன கதையும் ஏறக்குறைய இப்படித்தான். சொல் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் ன என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. முந்நூறு, முன்னூறு என்று ஓர் இணையைத் தமிழாசிரியர்கள் காட்டுவார்கள். பேச்சில் அதைப் பிரித்துச் சொல்கிற ஒருவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

ரெண்டு ஒலி ஒரே இடத்துல வரவே வராதுன்னா அது கண்டிப்பா ஒரே ஒலியனா?

இல்லை. ஆங்கிலத்தில் தொப்பிக்கான 'ஹேட்' போன்ற சொற்களில் வரும் ஹகரம் அசையின் முதலில் மட்டுமே வரும். பாடுவதற்கான 'சிங்' என்பதன் கடைசி ஒலி அசையின் முடிவில் மட்டுமே வரும். இரண்டும் ஒருபோதும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. ஆனாலும் அவற்றை ஒரே ஒலியன் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று தொண்டையில் உரசும் காற்று, மற்றது மூக்கில் வரும் ஒலி. மாற்றொலிகள் என்றால் குடும்பச் சாயல் இருக்க வேண்டும்.

இந்த ங் நமக்கும் வேடிக்கை காட்டும். தமிழ்ச் சொற்களில் ங் பெரும்பாலும் ககரத்துக்கு முன்னால்தான் வரும். தங்கம், சங்கு, சிங்கப்பூர். அங்ஙனம் போன்ற சில எழுத்துவழக்குச் சொற்கள் மட்டும் விலக்கு. ஆங் மோ கியோவில் ங் சொல் முடிவில், பின்னால் ககரம் இல்லாமல் நிற்கிறது. என் பாட்டிக்கு அது தாங்காது. 'ஆங்கு மோக்கியோ' என்பார், காணாமல் போன ககரத்தைத் தானே கண்டுபிடித்துக் கொடுப்பதுபோல. அந்தப் பேட்டையிலேயே வளர்ந்த பேரப்பிள்ளைகள் ங்கில் நிறுத்திவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

இங்க தோசைக்கு `thosai`ன்னு எழுதுறாங்க, சென்னைக்காரங்க அதிரவெச்சு `dosai`ங்கறாங்க. இது மாற்றொலியா, ஒலியனா?

பொருள் மாறவில்லை, தோசையும் மாறவில்லை. ஆகவே ஒலியன் வேறுபாடு இல்லை. ஆனால் துணைநிலை வழக்கும் இல்லை, இரண்டும் சொல் முதலில்தான் வருகின்றன. ஒரே ஆள் ஒரே சொல்லை நேரத்துக்கு ஒரு விதமாகச் சொன்னால் அதை உறழ்ச்சி என்போம். பகல் என்பதில் நடு ஒலியை ஒருமுறை ககரம் அதிர்வதாகவும் மறுமுறை ஹகரமாகவும் ஒரே ஆள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது உறழ்ச்சி. தோசையில் மாறுவது ஆள். ஊருக்கு ஊர் வழக்கு என்று சொல்லிவிட்டுச் சட்னியைக் கேளுங்கள்.

இதெல்லாம் மேற்கத்திய ஆளுங்க கண்டுபிடிச்சதுதானே? நம்ம இலக்கணத்துல இந்த மாதிரி யோசனையே இல்லையா?

ஒலியன் என்ற பெயரும் முறையான கோட்பாடும் மேற்கில் உருவானவை. தொல்காப்பியத்தில் ஒலியன் கோட்பாடு முழுதாக இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஓரிடத்தில் சோதனை மட்டும் அப்பட்டமாக இருக்கிறது.

தொல்காப்பியம் 30 எழுத்துகளைத் தனித்து நிற்பவையாகவும், குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றைச் சார்ந்து வருபவையாகவும் பிரிக்கிறது. குற்றியலுகரம் என்பது பாதியாகக் குறுகிய உகரம். பசு, காசு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பசுவில் உதடு குவியும், காசுவில் கடைசி உகரம் உதட்டைச் சரியாகக் குவிக்காமலேயே நழுவிப்போகும். எங்கே குறுகும் என்பது சூழலைப் பொறுத்தது. 'சார்ந்து வரல்' என்று அவர்கள் சொன்னது அதைத்தான்.

வழக்கமாகச் சொல்லின் கடைசியில் வருகிற இந்தக் குறுகிய உகரம், உன் தந்தை என்ற பொருளில் வரும் 'நுந்தை' என்ற முறைப்பெயரில் மட்டும் முதலிலேயே வருவதாக ஒரு நூற்பா சொல்கிறது. முதலில் முழு உகரமும் வரலாம். அப்படியானால் அங்கே இரண்டும் மோதுகின்றனவே என்று கேள்வி எழும். அடுத்த நூற்பா அதற்குப் பதில் சொல்கிறது: முற்றியலுகரத்தோடு 'பொருள்வேறு படாஅது'. முழு உகரமாகச் சொன்னாலும் குறுக்கிச் சொன்னாலும் அந்தப் பெயரில் பொருள் மாறாது. உரைகாரர்கள் இதற்கு எதிர்ப்பக்கமாக, கட்டு, முருக்கு போன்ற சொற்களைக் காட்டுகிறார்கள். ஏவல் வினையானால் கடைசியில் முழு உகரம், பெயரானால் குறுகிய உகரம், பொருளும் வேறு என்கிறார்கள். இன்று "மூட்டையைக் கட்டு" என்பதையும் "ஒரு கட்டு வெற்றிலை" என்பதையும் நாம் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. அந்த இணை நம் வாயில் இல்லை, உரையில் இருக்கிறது.

ஒலியை மாற்று, பொருள் மாறுகிறதா பார். கடை வாசலில் பாயை வைத்து நாம் செய்ததும் இதே சோதனைதான்.